மூன்று பக்கம் தெரிந்தால் மூலையின் கோணம்: கொசைன் சூத்திரமா, பரப்பளவு வழியா, அரைக்கோண வழியா?

பத்திரத்தில் மனையின் அளவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: கிழமேலடி தென்புறம் 40, வடபுறம் 40, தென்வடலடி மேல்புறம் 60, கீழ்புறம் 60. இந்த நான்கு எண்களும் துல்லியமாகவே இருந்தாலும், மனை செவ்வகமா, ஒரு பக்கம் சாய்ந்ததா என்பது அவற்றிலிருந்து தெரியாது. நான்கு சட்டங்களை மூலைக்கு ஓர் ஆணி வீதம் அடித்துச் சேர்த்தால் அது இப்படியும் அப்படியும் ஆடும் அல்லவா, அதே கதைதான். குறுக்கே ஒரு மூலைவிட்டத்தை அளந்த உடனே ஆட்டம் நின்றுவிடும். நாற்கரம் இரண்டு முக்கோணமாகப் பிரியும். மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணத்துக்கு ஒரே ஒரு வடிவம்தான் உண்டு.

சமீபத்தில் நான் அளந்த ஒரு மனையையே எடுத்துக்கொள்கிறேன். தெற்கே சாலை. தென்புறம் 40 அடி, மேல்புறம் 60 அடி. தென்கிழக்கு மூலையிலிருந்து வடமேற்கு மூலைக்கு டேப் பிடித்தால் 74 அடி. தென்மேற்கு மூலையின் கோணம் என்ன? இதைக் கண்டுபிடிக்கப் பதினொன்றாம் வகுப்புக் கணக்கிலேயே மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே விடையைத்தான் தர வேண்டும். ஆனால் மனையில் நின்று கணக்குப் போடும்போது மூன்றும் ஒன்றல்ல.

முதல் வழி கொசைன் சூத்திரம். மூலையில் சேரும் இரண்டு பக்கங்கள் a, b. மூலைக்கு எதிரே இருப்பது c.

```
cos C = (a² + b² − c²) / (2ab)
      = (1600 + 3600 − 5476) / 4800
      = −276 / 4800 = −0.0575
C = 93.30°
```

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கழித்தல் குறி. கோணத்தைக் கண்டுபிடிக்கும் முன்னாலேயே மூலை 90 பாகையைத் தாண்டி விரிந்திருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது. கூட்டல் குறி வந்தால் மூலை குறுகியது, பூஜ்யம் வந்தால் சரியான மூலைமட்டம். இங்கே மேல்புற எல்லை வடக்கே போகப் போக மேற்கே விலகுகிறது. எவ்வளவு? 60 × 0.0575, அதாவது 3.45 அடி. வீட்டைச் சாலைக்கு நேராக மூலைமட்டம் பார்த்துக் கட்டினால், மேல்புறம் பின்னால் போகப் போக ஆப்பு வடிவில் ஏறக்குறைய மூன்றரை அடி கூடுதலாகக் கிடைக்கும். கீழ்புறம் அதே அளவு உள்ளே வாங்கும், அங்கேதான் பக்க இடைவெளி போதாமல் போகும். இதற்குக் கோணம்கூடத் தேவைப்படவில்லை, கொசைன் மதிப்பே போதுமானதாக இருந்தது.

இரண்டாவது வழி பரப்பளவு வழியாக வருவது. ஹெரான் சூத்திரத்தில் பரப்பளவைக் கண்டுபிடித்து, ½ab sin C என்பதோடு சமன் செய்வது. மனை என்றால் எப்படியும் சதுரடி கணக்கு வேண்டும் என்பதால் பலரும் இதற்குத்தான் போகிறார்கள். அரைச்சுற்றளவு 87. அதிலிருந்து பக்கங்களைக் கழித்தால் 47, 27, 13. நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1198.01 சதுரடி. அதை 1200ஆல் வகுத்தால் sin C = 0.99835. கால்குலேட்டரில் தலைகீழ் சைன் போட்டால் வருவது 86.70°.

93.30 எங்கே, 86.70 எங்கே? கால்குலேட்டர் மேல் தப்பில்லை. 86.70க்கும் 93.30க்கும் சைன் மதிப்பு ஒன்றே. தலைகீழ் சைன் எப்போதும் குறுங்கோணத்தைத்தான் கொடுக்கும். இந்த விடையை நம்பி வரைபடம் போட்டால் எல்லை மேற்கே விலகுவதற்குப் பதில் கிழக்கே விலகும். பின்மூலை கிட்டத்தட்ட 7 அடி தள்ளிப் போய்விடும். பரப்பளவு மட்டும் சரியாகவே இருக்கும், அதனால் பிழை கண்ணில் படவும் செய்யாது.

இன்னொரு குறையும் இருக்கிறது. 90 பாகை பக்கத்தில் சைன் மதிப்பு அசையவே மாட்டேன் என்கிறது. மூலை மூன்று பாகைக்கு மேல் சாய்ந்தும் பரப்பளவு 1200இலிருந்து 2 சதுரடிதான் குறைந்திருக்கிறது. சைனை மூன்று தசமத்தில் 0.998 என்று எழுதினால் குறுங்கோணம் 86.38 ஆகிவிடும், மூன்றில் ஒரு பாகை போயிற்று. கொசைனை அதே மூன்று தசமத்தில் −0.058 என்று எழுதினாலும் 93.33 வருகிறது, பிழை வெறும் 0.03. மனையின் மூலைகள் பெரும்பாலும் 90ஐச் சுற்றித்தான் இருக்கும். அந்த இடத்தில்தான் கொசைன் கூர்மையாகவும் சைன் மழுங்கியும் இருக்கின்றன. அதனால் கோணத்துக்காகப் பரப்பளவு வழியில் போகவே வேண்டாம் என்பது என் முடிவு. சதுரடிக்கு ஹெரான் இருக்கட்டும்.

மூன்றாவது அரைக்கோணச் சூத்திரம். பார்க்கக் கொஞ்சம் மிரட்டும். ஆனால் ஹெரானுக்கு எடுத்த அதே கழித்தல் எண்கள்தான்.

```
tan(C/2) = √[ (s−a)(s−b) / (s(s−c)) ]
         = √[ (47 × 27) / (87 × 13) ] = 1.0593
C/2 = 46.65°,  C = 93.30°
```

அரைக்கோணம் எப்போதும் 90க்குள் இருப்பதால், சைனில் வந்த இரட்டை விடைத் தொல்லை இங்கே இல்லை. அப்படியென்றால் ஏன் இதையே முதலில் வைக்கக் கூடாது? சாதாரண மனைக்கு இதனால் கூடுதல் லாபம் இல்லை. வர்க்கமூலம், இரண்டால் பெருக்கல் என்று வேலைதான் கூடுகிறது. கடைசியில் இரண்டால் பெருக்க மறந்து 46.65 என்றே எழுதிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கு உரிய இடம் ஆப்பு நிலம்.

வாய்க்கால் ஓரத்திலோ சாலை ஓரத்திலோ ஒதுங்கிக் கிடக்கும் கூரான துண்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: 60 மீட்டர், 60.2 மீட்டர், அகலப் பக்கம் 3 மீட்டர். கூர்முனைக் கோணத்தைக் கொசைனில் கண்டால் மதிப்பு 0.99876, கோணம் 2.85°. இதையே மூன்று தசமத்தில் 0.999 என்று எழுதியவருக்கு 2.56° வரும். பத்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. பூஜ்யத்தின் பக்கத்தில் கொசைன் அசையாது, 90இல் சைனுக்கு நேர்ந்தது இங்கே கொசைனுக்கு நேர்கிறது. அரைக்கோண வழியில் 0.0249 என்று மூன்று இலக்கத்தோடு நிறுத்தினாலும் 2.85 மாறாமல் வருகிறது. கணினி அட்டவணையில் எல்லா இலக்கத்தையும் வைத்துக்கொண்டு போட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். கையில் எழுதி எழுதிப் போடுகிறவருக்குத்தான் அரைக்கோணம் உயிர் காக்கும்.

அட்டவணையில் போடுகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

```
=DEGREES(ACOS((40^2+60^2-74^2)/(2*40*60)))
```

`DEGREES` இல்லாமல் விட்டால் 1.63 என்று வரும், அது ரேடியன். `#NUM!` வந்தால் சூத்திரத்தைக் குறை சொல்லாதீர்கள். அந்த மூன்று நீளத்தில் முக்கோணமே அமையாது என்று அர்த்தம், ஏதோ ஓர் அளவு தப்பு.

அளவு தப்புவது பெரும்பாலும் அங்குலத்தில். 74 அடி 6 அங்குலத்தை 74.6 என்று அழுத்துகிறார்கள், அது 74.5 ஆக வேண்டும். 11 அங்குலத்தை .11 என்று போட்டால் நிலைமை இன்னும் மோசம், சரியானது .917. மூலைவிட்டத்தில் ஒரே ஓர் அங்குலம் கூடினாலே நம் மனையின் கோணம் 93.30இலிருந்து 93.44 ஆகிறது. 60 அடி தள்ளிப் பின்மூலையில் அது கிட்டத்தட்ட 2 அங்குலம். டேப் நடுவில் தொய்ந்தாலே போதும், நீளம் கூடுதலாகக் காட்டும். 74 அடியைத் தனி ஆளாகப் பிடிக்காதீர்கள்.

கொத்தனார் 3-4-5 போட்டு மூலைமட்டம் பார்ப்பதும் கொசைன் சூத்திரம்தான், விடை பூஜ்யமாக வரும் தனி வகை. 3 அடி, 4 அடியில் அவர் கால் அங்குலம் தவறினால் அரைப் பாகை போய்விடும். அதே கால் அங்குலம் 40, 60 அடியில் தவறினால் 0.04 பாகைகூடப் போகாது. அதனால் 6-8-10, 12-16-20 என்று இடம் விடும் அளவுக்குப் பெரிதாகப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கணக்கு முடிந்த பிறகு நான் தவறாமல் செய்வது ஒன்று உண்டு: இன்னொரு மூலைவிட்டத்தையும் அளப்பது. எதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தால், இரண்டு மூலைவிட்டங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் நான்கு பக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகை வர வேண்டும். இங்கே அது 10400. அதில் 5476 போக 4924, வர்க்கமூலம் 70.17. தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கு டேப் 70 அடி 2 அங்குலம் காட்டினால் நிம்மதி. 71 காட்டினால் பத்திரத்தின் அந்த நான்கு எண்களில் ஏதோ ஒன்று தரையில் இல்லை.

எந்தச் சூத்திரமும் காப்பாற்றாத இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. எல்லை லேசாக மட்டும் திரும்பும் மூலை. பக்கங்கள் அதே 40, 60, ஆனால் எதிர்ப் பக்கம் 99 அடி 6 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணம் 168.3°. எதிர்ப் பக்கத்தை ஓர் அங்குலம் கூட்டிப் படித்தால் 169.3°, ஒரு முழுப் பாகை! கொசைன், சைன், அரைக்கோணம் எதில் போட்டாலும் இதே கதிதான், ஏனென்றால் பிழை கணக்கில் இல்லை, முக்கோணத்தின் தட்டை வடிவத்தில் இருக்கிறது. சங்கிலி அளவையில் 30 பாகைக்குக் குறைந்த, 120 பாகைக்கு மேற்பட்ட கோணம் உள்ள முக்கோணங்களைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

இப்படிப்பட்ட மூலையில் மூன்று பக்கக் கணக்கை விட்டுவிடுங்கள். 40 அடிப் பக்கத்தின் நேர்கோட்டிலேயே குச்சி நட்டு, மூலையைத் தாண்டி 60 அடி வரை கயிறு கட்டுங்கள். 60 அடிப் பக்கத்தின் கடைசிக் கல்லிலிருந்து அந்தக் கயிற்றுக்குச் செங்குத்தாக அளந்தால் 12 அடி 2 அங்குலம் வரும். அதை 60ஆல் வகுத்துத் தலைகீழ் சைன் எடுத்தால் 11.7°, 180இலிருந்து கழித்தால் 168.3°. இங்கே ஓர் அங்குலம் தவறினாலும் கோணம் 0.08 பாகைதான் நகரும்.