உகாண்டாவுக்குப் பத்து வாரம்: மூன்று மலேரியா மாத்திரைகளில் நாங்கள் எதை எடுத்தோம், ஏன்?

கணவருக்குக் கம்பாலாவில் பத்து வார வேலை அமைந்தது. கோடை விடுமுறையோடு பள்ளியில் கொஞ்சம் கூடுதல் விடுப்பும் வாங்கிக்கொண்டு குடும்பமாகவே போய் வந்தோம். நான், அவர், 66 வயது மாமியார், 12 வயது மகள், 6 வயது மகன். கிளம்பும் முன் அதிகம் பேசியது டிக்கெட்டைப் பற்றியோ தங்குமிடத்தைப் பற்றியோ இல்லை, மலேரியா மாத்திரையைப் பற்றித்தான்.

தடுப்பூசியில் யோசிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. உகாண்டாவுக்குள் நுழைய, ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்கு விடக்கூடாது. ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்திலும் இதே மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு முதன்முறை போடும்போது அரிதாகக் கடுமையான பின்விளைவு வர வாய்ப்புண்டு. அதனால் மாமியாரின் உடல்நிலையையும் அவர் சாப்பிடும் மருந்துகளையும் மருத்துவர் தனியாகக் கேட்டுப் பார்த்த பிறகே சம்மதித்தார். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ இரண்டும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே போட்டிருந்தது.

மலேரியா அப்படி இல்லை. அதற்குப் பயணிகள் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஊசி கிடையாது, மாத்திரைதான்.

"சென்னையில நான் பார்க்காத மலேரியாவா? எனக்கே ரெண்டு தடவை வந்து போயிருக்கு" என்றார் மாமியார். அது உண்மைதான். ஆனால் நம் ஊரில் பெரும்பாலும் வருவது வைவாக்ஸ் வகை. ஆளை வாட்டி எடுக்கும், உயிருக்கு ஆபத்தாவது குறைவு. ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் வருவது பால்சிபாரம். அது மூளை, சிறுநீரகம் வரை போய் ஓரிரு நாளில் ஆளைக் கவிழ்த்துவிடும். வைவாக்ஸ் வந்து போன உடம்பு பால்சிபாரத்தைத் தாங்கிவிடும் என்று நம்பக்கூடாது. அவர் காலத்தில் கொடுத்த குளோரோகுவினும் ஆப்பிரிக்க பால்சிபாரத்திடம் எடுபடாது. இதைச் சொன்னதும், "சரி, எதைத் தரணுமோ குடு" என்று விட்டுவிட்டார்.

மருத்துவர் எங்கள் முன் வைத்தவை மூன்று: டாக்சிசைக்கிளின், மெஃப்ளோகுவின், அட்டோவாகுவோன்–புரோகுவானில் கூட்டு மாத்திரை. சரியாகச் சாப்பிட்டால் மூன்றுமே நல்ல பாதுகாப்புத் தரும். ஆக, எது அதிகம் காக்கும் என்று பார்த்துத் தேர்வு செய்ய முடியாது. எதை நம் வீட்டில் கடைசி நாள் வரை ஒழுங்காகச் சாப்பிடுவார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

டாக்சிசைக்கிளின் மலிவு, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். தினம் ஒன்று, 100 மில்லிகிராம். கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். எட்டு வயதுக்குக் கீழே தருவதில்லை, அதனால் மகனுக்கு ஆகாது. கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. நான் இதைச் சாப்பிட்டதில்லை, கணவர் சாப்பிட்டதைப் பார்த்ததுதான். முந்தைய வருடம் ஆறு வாரம் தனியாகப் போனபோது அவர் எடுத்துக்கொண்டது இதுதான். வெயிலில் நின்றால் முகமும் கழுத்தும் சுட்டுச் சிவந்துவிடும் என்று தொலைபேசியில் சொன்னார். ஒரு நாள் இரவு இரண்டு வாய் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்திருக்கிறார். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கி, மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டோடு, ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடித்து விழுங்கி, அதற்கப்புறம் அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும்.

மெஃப்ளோகுவினின் பெரிய வசதி, வாரம் ஒரு மாத்திரை போதும் என்பது. நீண்ட நாள் தங்குபவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. சிறு குழந்தைகளுக்கும் தரலாம். 22 கிலோ எடையுள்ள மகனுக்கு வாரம் அரை மாத்திரை என்று கணக்கு வந்தது. கர்ப்பிணிகள் பயணத்தைத் தள்ளிப்போட முடியாதபோது மருத்துவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தருகிறார்கள். ஆனால் சிலருக்குப் பயங்கரக் கனவு, தூக்கமின்மை, பதற்றம், தலைசுற்றல் வரும். மன அழுத்தமோ வலிப்போ முன்பு இருந்தவர்களுக்குத் தரவே கூடாது. கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கச் சொல்வதற்கும் இது ஒரு காரணம்: ஒத்துக்கொள்ளாவிட்டால் பெரும்பாலும் முதல் சில வேளைகளிலேயே தெரிந்துவிடும், ஊரில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளலாம். மாமியார் ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் சாப்பிடுகிறார். அதோடு இதைச் சேர்த்தால் இதயத் துடிப்பைக் கவனிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி, அவருக்கு மட்டும் மருத்துவர் இதை உடனே ஒதுக்கிவிட்டார். இதையும் திரும்பி வந்த பிறகு நான்கு வாரம் தொடர வேண்டும்.

நாங்கள் எடுத்தது மூன்றாவதை. நான் அதன் பக்கம் நிற்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: திரும்பி வந்த பிறகு ஏழு நாள் சாப்பிட்டால் போதும்.

முந்தைய வருடம் நடந்ததைச் சொன்னால்தான் இதன் அருமை புரியும். கணவர் ஊருக்கு வந்ததும் எட்டு நாள் டாக்சிசைக்கிளின் சாப்பிட்டார். அப்புறம் விட்டுவிட்டார். கொசுவும் இல்லை, ஆப்பிரிக்காவும் இல்லை, இனி எதற்கு என்று எனக்கும் தோன்றியதால் நானும் நினைவுபடுத்தவில்லை. அட்டையில் இருபது மாத்திரை மிச்சம் இருந்தது. வந்து பத்தொன்பதாம் நாள் காய்ச்சல். குளிர் நடுக்கம் பெரிதாக இல்லை, உடம்பு வலியும் தலைவலியும்தான். ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்ததைப் பார்த்து, மருத்துவமனையில் டெங்கு என்றே நினைத்தார்கள். டெங்கு பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அடுத்து டைபாய்டு என்றார்கள். எங்கே போயிருந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. நான்காம் நாள் கண் மஞ்சளடித்து, பேச்சு குழறத் தொடங்கியபோது, இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் அவர் கையில் இருந்த கைப்பட்டையைப் பார்த்து, "இது எந்த ஊர்ல வாங்கினது?" என்று கேட்டார். ஒரு மணி நேரத்தில் ரத்தத் தடவல் பரிசோதனை செய்தார்கள். பால்சிபாரம். ஆர்ட்டிசுனேட் ஊசி ஏற்றினார்கள், பிழைத்தார்.

அந்த நான்கு வாரத்துக்குக் காரணம் உண்டு. கொசு கடித்ததும் கிருமி நேராகக் கல்லீரலுக்குப் போய், ஒரு வாரம் போல அங்கேயே பெருகும். அதன் பிறகுதான் ரத்தத்துக்கு வந்து சிவப்பணுக்களில் புகும். டாக்சிசைக்கிளினும் மெஃப்ளோகுவினும் ரத்தத்துக்கு வந்த கிருமியைத்தான் நம்பத்தக்க விதத்தில் தடுக்கும். கிளம்பும் கடைசி இரவில் கடித்த கொசுவின் கிருமி, நாம் வீட்டுக்கு வந்து பல நாள் கழித்துத்தான் ரத்தத்துக்கு வரும். அப்போது மருந்து உடம்பில் இருந்தாக வேண்டும். அட்டோவாகுவோன்–புரோகுவானில் பால்சிபாரத்தைக் கல்லீரலிலேயே பிடித்துவிடுவதால் ஏழு நாளோடு நிறுத்தலாம்.

ஏழு நாள் என்பது பெட்டியைப் பிரித்து, துணி துவைத்து, வந்த களைப்பு தீர்வதற்குள் முடிந்துவிடும். நான்கு வாரம் என்றால் பள்ளி, அலுவலகம், கல்யாணம், காது குத்து எல்லாம் நடுவில் வந்துவிடும். ஒருமுறை அனுபவித்துவிட்டதால், அந்த இருபத்தொரு நாள் வித்தியாசத்துக்கு எவ்வளவு செலவானாலும் தகும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

செலவு உண்மையிலேயே அதிகம். முன்னால் இரண்டு நாள், அங்கே எழுபது நாள், பின்னால் ஏழு நாள் என்று ஒருவருக்கு 79 நாள். எங்கள் மூவருக்கும், 42 கிலோ இருந்த மகளுக்கும் தினம் ஒரு முழு மாத்திரை. மகனுக்குத் தேவையான அளவு பெரியவர் மாத்திரையில் சரிபாதி. குழந்தைகளுக்கான சிறிய மாத்திரை எங்களுக்குக் கிடைக்காததால், மருத்துவர் அப்படியே பாதியாக எழுதித் தந்தார். மொத்தம் 356 மாத்திரை. டாக்சிசைக்கிளினோடு பார்த்தால் பல மடங்கு விலை. கேட்ட மூன்று கடைகளிலும் கையிருப்பு இல்லை, நான்காவது கடைக்காரர் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு வரவழைத்துத் தரப் பத்து நாள் ஆனது. அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், பல நாடுகளில் போலி மலேரியா மருந்து ஒரு பெரிய பிரச்சினை.

சாப்பிடுவதில் ஒரே கவனம், கொழுப்புள்ள உணவோடு சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு டம்ளர் கொழுப்பெடுக்காத பால், கூடவே மாத்திரை என்று வைத்துக்கொண்டோம். மகனுக்கு முதல் வாரம் இரண்டு முறை வாந்தி வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் அதே அளவைத் திரும்பத் தர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், கூடுதலாக ஒரு அட்டை வாங்கி வைத்தது உதவியது. மற்ற நால்வருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

இது எல்லோருக்கும் ஏற்றதில்லை. சிறுநீரகம் மிகவும் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தருவதில்லை, கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். வருடக்கணக்கில் குடியேறிப் போகிறவர்களுக்கு என் கணக்கு பொருந்தாமலும் போகலாம். அவ்வளவு நாள் தினம் ஒரு விலையுயர்ந்த மாத்திரை என்பதைவிட, ஒத்துக்கொள்ளும் பட்சத்தில் வாரம் ஒரு மெஃப்ளோகுவின் அவர்களுக்கு எளிதாக இருக்கும். என் அனுபவம் பத்து வாரத்தோடு நிற்கிறது. எந்த மாத்திரை என்றாலும் அந்திக்குப் பிறகு முழுக்கைச் சட்டையும், படுக்கையில் மருந்து தோய்த்த கொசுவலையும் வேண்டும். மாத்திரை மட்டும் நூறு சதவீதம் காக்காது.

இன்னொரு விஷயம். ஆப்பிரிக்காவில் ஓவேல் என்றொரு வகையும் உண்டு. அது கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும், இந்த மூன்று மாத்திரைகளில் எதுவும் அந்த உறங்கும் கிருமியைக் கொல்லாது. அதனால் ஏழாம் நாள் மாத்திரை முடிந்த அன்றே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டினேன்: "யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை. முதல் பரிசோதனையில் இல்லை என்றாலும் மறுநாள் மறுபடி. போனதும் முதல் வார்த்தை: உகாண்டா போய் வந்தோம்." ஒரு வருடத்துக்கு அதை யாரும் கிழிக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.