தாமதமாக வரும் ஓ.ரி.பியும் 'மீள அனுப்பு' பொத்தானும்: நீண்டகாலப் பாவனை அனுபவம்

வங்கிச் செயலி ஒன்றையும் கட்டணம் செலுத்தும் செயலி ஒன்றையும் சில வருடங்களாக ஒரே கைத்தொலைபேசியில் பாவித்து வருகிறேன். இரண்டும் ஆறு இலக்க ஓ.ரி.பி கேட்பவை, குறுஞ்செய்தி உடனே வந்தால் இரண்டும் அதைத் தாமாகவே நிரப்பிக்கொள்ளும். செய்தி தாமதிக்கும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. யாழ்ப்பாணத்தில் கொங்கிறீற்றுக் கூரையின் கீழ், அதுவும் மின்தடை நேரத்தில், சிக்னல் விட்டுவிட்டு வருவது பலருக்கும் பழகிய விடயம்.

ஒருநாள் மாலை 7.02இற்கு வங்கிச் செயலி எண்ணை அனுப்பியது. அறுபது விநாடிகள் எண்ணி முடிந்தும் எதுவும் வராததால் 'மீள அனுப்பு' என்பதை அழுத்தினேன். 7.04இற்கு ஒரு செய்தி வந்தது. அதிலிருந்த எண் தானாகவே நிரம்பியது. "தவறான எண்" என்று திரை சொன்னது. வந்தது முதலாவது எண். இரண்டாவது எண் உருவான கணத்திலேயே அது செல்லாததாகிவிட்டது. தானாக நிரப்பும் வசதி, செய்தியின் இறுதியில் இருக்கும் பொருளற்ற 11 எழுத்துத் தொடரைக் கொண்டு அது எந்தச் செயலிக்குரியது என்பதை அறியுமே தவிர, எண் பழையதா புதியதா என்பதை அறியாது. மூன்று தவறுகளுக்குப் பின் கணக்கைப் பூட்டும் வங்கியில் இது சிறிய குறையல்ல.

கட்டணச் செயலி இவ்விடத்தில் புத்திசாலித்தனமாக நடந்துகொள்கிறது. மீள அனுப்பக் கேட்டால், காலாவதியாகும் வரை அதே எண்ணையே அது திரும்ப அனுப்புகிறது. ஆகவே எந்தச் செய்தி முந்தினாலும் கவலையில்லை. காலாவதி நேரத்தையும் தவறுகளின் எண்ணிக்கையையும் மீளத் தொடங்காமல் வைத்திருக்கும் வரை, இதனால் பாதுகாப்புக் குறைவதாக நான் கருதவில்லை. ஒவ்வொரு முறையும் புதிய எண்தான் வேண்டுமென்றால், செய்தியிலும் திரையிலும் ஒரே அடையாள எழுத்துகளைக் காட்டலாம்: திரையில் 'KT' என்றிருக்க, 'MR' என்று வந்த செய்தி பழையது என்பது பார்த்தவுடனே விளங்கும்.

தாமதம் எங்கே நேர்ந்தது என்பதையும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். பல ஆண்ட்ரொயிட் தொலைபேசிகளில் செய்தியை அழுத்திப் பிடித்து விவரங்களைத் திறந்தால், அனுப்பிய நேரமும் பெற்ற நேரமும் தனித்தனியே தெரியும். அனுப்பிய நேரம் என்பது பெரும்பாலும் வலையமைப்பின் குறுஞ்செய்தி நிலையம் இட்ட முத்திரை. அது 7.02 ஆகவும் பெற்ற நேரம் 7.04 ஆகவும் இருந்தால், செய்தி நிலையத்தில் காத்திருந்து, தொலைபேசிக்குச் சிக்னல் கிடைத்தபோது வந்திருக்கிறது. முற்றத்துக்குப் போனால் பயனுண்டு. இரண்டுமே 7.04 என்றால் தாமதம் நிலையத்துக்கு முன்னரே, அனுப்பியவர் பக்கத்தில். எங்கே போய் நின்றாலும் பயனில்லை.

வங்கிச் செயலியில் இன்னொரு எரிச்சலும் உண்டு. எண்ணைப் பார்க்கச் செய்திப் பெட்டிக்குப் போய்த் திரும்பினால், சிலவேளை திரை முதலிலிருந்து தொடங்கி, கேட்காமலே புதிய எண்ணை அனுப்பி, கையிலிருக்கும் எண்ணைச் செல்லாததாக்கிவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் மேலிருந்து இறங்கும் அறிவிப்பிலேயே எண்ணைப் படித்துக்கொண்டு, திரையை விட்டு விலகாமல் தட்டச்சு செய்கிறேன்.