வேலூர் கோட்டைக்கு மேல் ஒரு கூர்மையான திருப்பம்

எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரில் செஸ்னா 172-ஐ எடுத்து, வேலூர் கோட்டையைச் சுற்றி 3,000 அடி உயரத்தில் 60 டிகிரி சாய்த்துத் திருப்புங்கள். நேராகப் பறக்கும்போது 48 நாட் அளவில்தான் தூக்குவிசையை இழந்து ஸ்டால் ஆகும் விமானம், இங்கே 68 நாட்டிலேயே நடுங்கும். சாய்ந்த இறக்கையின் தூக்குவிசையில் பாதிதான் மேல்நோக்கி வேலை செய்கிறது. உயரம் குறையாமலிருக்க ஸ்டிக்கை இழுக்கிறோம். காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் கூடுகிறது. அது எல்லை தாண்டினால் ஸ்டால். எக்ஸ்-பிளேன் இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் விசையைக் கணக்கிடுவதால் இது தானாகவே வருகிறது.

ஆர்கேட் விமான விளையாட்டில் இதே கோட்டையை இறக்கையைச் செங்குத்தாகச் சாய்த்தபடியே நாள் முழுக்கச் சுற்றலாம். ஸ்டால் இருந்தாலும் பெரும்பாலும் அது ஒரு வேக எல்லைதான்: குறைந்தால் மூக்கு கவிழும், வேகம் பிடித்தால் சரியாகிவிடும்.

கருவிகளில் வித்தியாசம் இன்னும் சுவையானது. சிமுலேட்டரின் வேகமானியில் பச்சை வளைவு 48-இல் தொடங்கும். அதே திருப்பத்தில் முள் 75-இல், பச்சைக்குள் பத்திரமாக இருப்பதுபோல் நிற்கும்போதே ஸ்டால் ஹாரன் ஊளையிடும். அந்த வளைவு நேரான பறத்தலுக்கு வரைந்தது, அவ்வளவுதான். ஆர்கேடில் திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பலாம்.

ஆனால் சிமுலேட்டரிலும் ஒரு குறை உண்டு. அந்தத் திருப்பத்தில் உடல் எடை இரட்டிப்பாகும். வீட்டு நாற்காலியில் அது தெரியாது. என் கணிப்பில், ஸ்டிக்கை அதிகமாக இழுத்துவிடுவதற்கு முக்கியக் காரணம் அதுதான்.