போட்டோவில் பிரஷ், ரோலர், ஸ்ப்ரே கன்: எது எந்தப் பெயின்டுக்கு?

"அண்ணா, இதில் எதை எதுக்கு எடுக்கட்டும்?" என்று கேட்டு ஒரு தம்பி போட்டோ அனுப்பியிருந்தார். செய்தித்தாள் விரித்து, அதன் மேல் இரண்டு பிரஷ், இரண்டு ரோலர், ஒரு ஸ்ப்ரே கன் வைத்திருந்தார். வேலையும் மூன்று வகை: சுவருக்குத் தண்ணீர் கலக்கும் எமல்ஷன், மரக்கதவுக்கு ஆயில் எனாமல், ஒரு மேஜைக்கு லேக்கர்.

போட்டோவை வைத்துச் சொல்வதில் ஸ்ப்ரே கன்தான் சுலபம். பார்க்கச் சாதாரணமாக இருக்கும் பிரஷ்தான் ஏமாற்றும். அதனால் கன்னிலிருந்தே தொடங்குகிறேன்.

கன்னைவிட அதற்குப் போகும் குழாயை முதலில் பாருங்கள். பெயின்ட் ஊற்றும் கோப்பையே இல்லாமல் ஒரு மெல்லிய, விறைப்பான குழாய் நேராகக் கன்னுக்கு வந்து, முன்முனையில் விரலால் திருப்புகிற ஒரு சின்னச் சிறகு நீட்டிக்கொண்டிருந்தால் அது ஏர்லெஸ். கன்னில் கோப்பை இருந்து, முனை மூடியில் இரண்டு கொம்புபோல் புடைத்திருந்தால் அது காற்றால் அடிக்கும் கன். அதே கன்னுக்கு வேக்குவம் கிளீனர் குழாய்போல் பருத்த, வளையம் வளையமான குழாய் வந்தால், கம்ப்ரஸருக்குப் பதில் டர்பைன் காற்று கொடுக்கிறது என்று அர்த்தம்.

ஏர்லெஸ் மெஷின் பெயின்டையே 2,000 பி.எஸ்.ஐ.-க்கும் மேலான அழுத்தத்தில் ஒரு நுண்துளை வழியாகத் தள்ளிச் சிதறடிக்கிறது. அதனால் கெட்டியான எமல்ஷனை அதிகம் தண்ணீர் கலக்காமலே அடிக்கலாம். காற்றுக் கன்னில் பெயின்டை உடைக்க வேண்டியது காற்றுதான். கெட்டியான பெயின்டை அது சரியாக உடைக்காது, சுவரில் துப்பினாற்போல் திட்டுத்திட்டாக விழும். சீராக விழவேண்டும் என்று தண்ணீரை ஏற்றிக்கொண்டே போனால் மூடும் திறன் போய், இரண்டு கோட் வேலை நான்கு கோட் ஆகும். லேக்கர், நீர்த்த எனாமல் போன்ற மெல்லிய திரவங்களுக்குத்தான் காற்றுக் கன்.

ஏர்லெஸ் கன் போட்டோவில் இன்னொரு வசதி உண்டு. அந்தச் சிறகில் மூன்று இலக்க எண் பொறித்திருக்கும். முதல் இலக்கத்தை இரண்டால் பெருக்கினால், ஓர் அடி தூரத்திலிருந்து அடிக்கும்போது விசிறி எத்தனை அங்குல அகலம் விரியும் என்பது வரும். கடைசி இரண்டு இலக்கம் துளையின் அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு. 517 என்றால் 10 அங்குல விசிறி, 0.017 அங்குலத் துளை. இது சுவர் எமல்ஷனுக்கு. 311 என்றால் 6 அங்குல விசிறி, 0.011 துளை. இது லேக்கர், மெல்லிய எனாமலுக்கு. எண் தெளிவாகத் தெரிந்தால் ஊகிக்கவே வேண்டாம்.

தம்பியின் கன்னில் கோப்பை கீழே தொங்கியது, முனையில் கொம்புகள் இருந்தன. காற்றுக் கன், ஆக மேஜையின் லேக்கருக்கு அது. ஆனால் நாசில் துளை எவ்வளவு என்பது போட்டோவில் தெரியாது. பொறித்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னேன், 1.5 மில்லிமீட்டர் என்றார். லேக்கருக்கு அது போதும்.

அடுத்து ரோலர். இதில் பார்க்க வேண்டியது பஞ்சின் ஆழம். நீளப் பஞ்சு நிறைய பெயின்ட் குடிக்கும், பள்ளங்களிலும் போய்த் தடவும். குட்டைப் பஞ்சு மெல்லிய, மட்டமான படலம் விடும். எமல்ஷனுக்கு, சாதாரணச் சுவரில், 10 முதல் 12 மில்லிமீட்டர் பஞ்சு. எனாமலுக்கு 4 முதல் 6 மில்லிமீட்டர். எனாமலை நீளப் பஞ்சில் உருட்டினால் படலம் தடித்துக் கீழே வழியும், மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் காயும்.

ஆழத்தை மில்லிமீட்டரில் போட்டோ சொல்லாது. விகிதம் மட்டும் சொல்லும். தம்பியின் இரண்டு ரோலரிலும் பஞ்சின் தடிமன், ரோலர் நீளத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இங்கேதான் கைப்பிடியைப் பார்க்க வேண்டும். ஒன்றில் ரோலர் கைப்பிடியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு நீளம். அது வழக்கமான 9 அங்குல ரோலர், அதாவது 230 மில்லிமீட்டர். இருபதில் ஒரு பங்கு என்றால் 11 அல்லது 12, சுவருக்குச் சரி. மற்றது கைப்பிடியைவிடக் குட்டை. 4 அங்குல மினி ரோலர், 100 மில்லிமீட்டர். அதே விகிதத்தில் பஞ்சு 5 மில்லிமீட்டர்தான், கதவு எனாமலுக்குச் சரி.

பஞ்சுக்குப் பதில் துளைத்துளையான ஸ்பாஞ்ச் தெரிந்தால் அது ஃபோம். கதவில் எனாமல் மெதுவாக உருட்ட அது நல்லது. வேகமாக ஓட்டினால் குமிழி விடும். லேக்கர் தின்னரில் மட்டும் வேண்டவே வேண்டாம், ஃபோம் ஊறி உப்பிக் கிழியும்.

இனி பிரஷ். இயற்கை முடி, அதாவது பன்றி முடி, ஆயில் எனாமலுக்கும் வார்னிஷுக்கும். நைலான், பாலியஸ்டர் இழை எமல்ஷனுக்கு. காரணம் எளிது. இயற்கை முடி தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சினால் விறைப்பு போய்த் துவளும், விளக்குமாறுபோல் விரியும், கோடு நேராக வராது. செயற்கை இழை தண்ணீரில் விறைப்பை அவ்வளவாக இழக்காது.

போட்டோவில் வித்தியாசம் நுனியில் இருக்கிறது. இயற்கை முடியின் நுனி தானாகவே இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும், நீளமும் முடிக்கு முடி கொஞ்சம் மாறும், பளபளப்பு குறைவு. செயற்கை இழை ஒரே சீராக இருக்கும், வெளிச்சம் பட்டால் கோடுகோடாக மின்னும். நீலம், பச்சை, தங்க நிறம் கலந்திருந்தால் பெரும்பாலும் செயற்கைதான். சிக்கல் வெள்ளையில் வருகிறது. வெள்ளைப் பன்றி முடியும் உண்டு, வெள்ளை இழையும் உண்டு. நல்ல செயற்கைப் பிரஷ்களில் நுனியை வேண்டுமென்றே பிளந்தும் விடுகிறார்கள். தூரத்திலிருந்து எடுத்த போட்டோவில் இரண்டும் ஒன்றுதான். முன்பு ஒருமுறை இப்படி ஒரு வெள்ளைப் பிரஷைச் செயற்கை என்று நம்பிச் சொல்லிவிட்டேன். எமல்ஷனில் ஒரு மணி நேரத்தில் அது விரிந்துபோய், கூரை ஓரத்துக் கோடு முழுவதும் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. அந்த வேலை கெட்டதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

தம்பியின் பிரஷ்களில் ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளை. கறுப்பில் நுனி கலைந்து, மங்கலாக இருந்தது. கதவுக்கு என்று ஒதுக்கினேன், ஆனாலும் கறுப்புச் சாயம் போட்ட இழையும் வரும் என்பதால் முடிவை நிறுத்தி வைத்தேன். இரண்டிலிருந்தும் ஓர் இழையைப் பிடுங்கி, பெயின்ட், தின்னர் எதுவும் அருகில் இல்லாத இடத்தில், குறட்டால் பிடித்துத் தீயில் காட்டச் சொன்னேன். கறுப்பு பொசுங்கி முடி கருகும் வாடை அடித்ததாம், தேய்த்தால் பொடியானதாம். வெள்ளை உருகி முனையில் மணிபோல் உருண்டு இறுகிவிட்டதாம். அப்புறம்தான் உறுதியாகச் சொன்னேன்: சுவர் ஓரத்துக்கு வெள்ளை, கதவின் சட்டத்துக்கும் பள்ளங்களுக்கும் கறுப்பு, கதவின் சமதளத்துக்கு மினி ரோலர்.

"கன்தான் இருக்கிறதே, கதவையும் அதிலேயே அடித்துவிடட்டுமா?" என்று கேட்டார். அடிக்கலாம், எனாமலைத் தின்னரில் நீர்த்தால் அந்தக் கன்னில் நன்றாகவே வரும். ஆனால் கதவு நிலையில் மாட்டியபடியே இருந்தது. சுற்றுச் சுவர், தரை, கீல், பூட்டு எல்லாவற்றையும் மூடி ஒட்டும் நேரத்தில் ரோலரில் ஒரு கோட்டே முடிந்துவிடும். கதவைக் கழற்றி வெளியே கிடத்த முடிந்தால் மட்டும் கன்னை எடுக்கச் சொன்னேன்.