இன்னொரு செக்கர் போடுவதா, இன்சர்ட்டைச் சீக்கிரம் மாற்றுவதா?

சேலத்தில் ஒரு சின்ன டர்னிங் பட்டறை. ஒரு சி.என்.சி. லேத்தில் மாதம் 10,000 இரும்பு புஷ் போகிறது. வாங்குபவர் ஓசூரில். துளை அளவு 20 H7, அதாவது 20.000 மி.மீ. முதல் 20.021 வரைதான். இந்த 21 மைக்ரானுக்குள் நிற்கவில்லையென்றால் அவர் பணத்தைப் பிடித்துக்கொண்டு டெபிட் நோட் அனுப்பிவிடுவார். அனுப்பிக்கொண்டும் இருந்தார். கணக்கைப் பார்த்துத் தரச் சொல்லி உரிமையாளர் என்னை அழைத்தார்.

அவருக்கு விடை ஏற்கெனவே தெரிந்திருந்தது. "செக் பண்ண இன்னொரு ஆளைப் போட்டா தீர்ந்துதுங்க தம்பி" என்றார். நான் சொன்ன வழி வேறு: துளை போடும் இடத்திலேயே தப்பு பிறக்காமல் பார்ப்பது. வாக்குவாதம் வேண்டாமென்று முதல் இரண்டு மாதம் அவர் வழியிலும், அடுத்த மூன்று மாதம் என் வழியிலும் போனோம். ஒரு மாதச் செலவு ரூபாயில் இப்படி நின்றது (என் வழிக்கு மூன்றாவது மாதக் கணக்கு):

| செலவு | பழைய நிலை | இரண்டாவது செக்கர் | தடுப்பு வழி |
|---|---|---|---|
| தடுப்பு | 1,000 | 1,000 | 6,000 |
| சோதனை | 14,000 | 29,000 | 14,000 |
| பட்டறைக்குள் ஸ்கிராப், ரீவொர்க் | 12,900 | 16,200 | 4,200 |
| வாடிக்கையாளரிடம் போன தவறு | 18,100 | 9,000 | 4,800 |
| மொத்தம் | 46,000 | 55,200 | 29,000 |

இரண்டாவது செக்கர் வந்ததும் ஓசூர் புகார் பாதியாகக் குறைந்தது. ஆனால் முன்பு லாரி ஏறிப்போன கெட்ட புஷ் இப்போது பட்டறை மூலையில் குவிந்தது. செக்கர் கெட்டதைப் பிரித்து வைப்பாரே தவிர, லேத் அதைப் போடாமல் நிறுத்த மாட்டார். சரி, 100 சதவீதம் பார்த்தும் ஏன் 9,000 ரூபாய்க்கு வெளியே தப்பியது? அதைத் தேடியபோதுதான் விஷயம் பிடிபட்டது. இரண்டு பேருமே லேத்திலிருந்து வந்த சூட்டோடு புஷ்ஷை அளந்தார்கள். இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 20 மி.மீ. துளை 15 டிகிரி சூடாக இருந்தால் மூன்றரை மைக்ரான் பெரிதாகக் காட்டும். ஓரத்தில் நிற்கும் புஷ் இங்கே பாஸ் ஆகி, ஆறியதும் சுருங்கி, ஓசூரில் கேஜ் நுழையாமல் நின்றுவிடும். அதே தப்பை இரண்டு சம்பளம் கொடுத்துச் செய்தோம், அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் இன்சர்ட். துளையைக் குடையும் மாற்றத்தக்க வெட்டு முனைதான் போரிங் இன்சர்ட். அது தேயத் தேயத் துளை சிறிதாகும். ஆபரேட்டர் சத்தம் மாறினால்தான் முனையை மாற்றுவார், கிட்டத்தட்ட 400 புஷ்ஷுக்கு ஒருமுறை. இடையில் சிறிதாகிவிட்டது தெரிந்தால், லேத்தில் முனையின் இடத்தைத் திருத்தும் ஆஃப்செட்டை ஒரே தட்டாகக் கூட்டுவார். துளை 20.021-ஐத் தாண்டிவிடும். சிறிய துளையை மறுபடி போடலாம், பெரியதை எடைக்குத்தான் போட வேண்டும். ரீவொர்க், ஸ்கிராப் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

ஆகவே மூன்று மாற்றம் செய்தோம். சத்தத்துக்குக் காத்திராமல் 250 புஷ்ஷுக்கு ஒரு முனை. லேத் பக்கத்திலேயே, காற்றைச் செலுத்தித் துளையை அளக்கும் ஒரு ஏர் கேஜ். 25 புஷ்ஷுக்கு ஒன்றை எடுத்து, ஆறவைத்து அளக்க வேண்டும். அளவு நடுவிலிருந்து 5 மைக்ரான் விலகினால் மட்டும் ஆஃப்செட், அதுவும் விலகின அளவுக்கு மட்டும். ஏர் கேஜும், அதைச் சரிசெய்ய உதவும் மாஸ்டர் ரிங்கும் 60,000 ரூபாய். அதை மூன்று வருடத்துக்குப் பிரித்து, கூடுதல் இன்சர்ட்டும் ஆபரேட்டர் நேரமும் சேர்த்தால்தான் அந்த 6,000. (25-க்கு ஒன்று அளப்பது சோதனையில்தானே சேரும் என்பார்கள். சேர்த்துக்கொள்ளுங்கள், மொத்தம் மாறாது.) கம்ப்ரஸர் காற்றில் ஈரமும் எண்ணெயும் வந்தால் ஏர் கேஜ் பொய் சொல்லும். முதல் வாரமே அது நடந்து, ஃபில்டர் மாற்ற வேண்டியதாயிற்று.

17,000 மிச்சம் என்று சொன்னதும் உரிமையாளர் சிரித்தார், "கல்லாவுல காணோமே தம்பி." அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ரீவொர்க்கில் குறைந்த 3,300 மாதச் சம்பளக்காரரின் நேரம். அவருக்கு வேறு வேலை கொடுக்காதவரை அது காசாகாது. அதைக் கழித்தால் 13,700. என் வழியின் முதல் இரண்டு மாதம் டெபிட் நோட்டும் குறையவில்லை, ஏனென்றால் பழைய லாட் இன்னும் ஓசூர் கிடங்கில் இருந்தது. அந்த நேரத்தில் கணக்கை நிறுத்தியிருந்தால் தடுப்பு தோற்றதாகவே தெரிந்திருக்கும்.

வாடிக்கையாளரிடம் இன்னும் போகும் 4,800 ரூபாய்த் தவறு பிசிர், விளிம்புச் சரிவான சேம்ஃபர் சம்பந்தப்பட்டது. அதற்கு ஏர் கேஜ் உதவாது. 40, 50 புஷ் மட்டும் கேட்கும் சில்லறை ஆர்டருக்கு இன்றும் செக்கரையே ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்கிறோம், ஆறவைத்து. அங்கே ஒரு முனை தேய்வதற்குள் வேலையே முடிந்துவிடுகிறது.