கறுப்புக் கூந்தலைத் தேன் நிறமாக்குதல்: ஒரே பின்னலில் மூன்று வழிகள்

சலூனுக்குப் போகும் முன் தேன் நிற முடி தனக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க, என் சித்தி மகள் தன் போட்டோ ஒன்றை அனுப்பினாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். எண்ணெய் வைத்து வாரிய நீளப் பின்னல் தோள் வழியாக முன்னால் விழுந்திருக்கிறது, அதில் ஒரு முழம் மல்லிகை. போட்டோஷாப்பில் மூன்று வழியிலும் நிறம் மாற்றிப் பார்த்தேன்.

முதலில் அந்தப் பின்னலின் வெளிச்சத்தை அளந்தேன். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்ற அளவில், பின்னலின் புரிகளுக்கு நடுவே உள்ள பள்ளங்கள் 10, முடியின் பெரும்பகுதி 35, ஒவ்வொரு மேட்டிலும் மின்னும் பளபளப்பு 200. கறுப்பு முடியின் சிக்கலே இந்த இடைவெளிதான். வெளிர் முடிக்குள் ஒளி புகுந்து, நிறம் ஏறி வெளியே வரும். அதனால் முடி முழுக்க இதமாக ஒளிரும், பளபளப்பு தனியாகத் துருத்தாது. கறுப்பு முடி உள்ளே போன ஒளியை விழுங்கிவிடுகிறது. மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெள்ளை மட்டுமே நம் கண்ணுக்கு வருகிறது.

எல்லாரும் முதலில் தொடுவது Hue/Saturation. Colorize-ஐ டிக் செய்து, Lightness-ஐ 40 ஏற்றினேன். இந்த Lightness எல்லாவற்றிலும் வெள்ளையைக் கலக்கிறது. பள்ளம் 10-லிருந்து ஏறத்தாழ 108-க்குப் போனது, பளபளப்போ 222-இல் நின்றுவிட்டது. 190 ஆக இருந்த வித்தியாசம் 114 ஆகச் சுருங்கியதில் பின்னலின் முறுக்கே காணாமல் போய், பால் ஊற்றினாற்போல் ஆகிவிட்டது. அதன்மேல் ஒரே சாயல் படிந்ததும் நைலான் சவுரி மாதிரி இருந்தது. கறுப்பு முடிக்கு இந்த வழி ஆகவே ஆகாது.

அடுத்தது, புது லேயரில் தேன் நிறத்தைத் தீட்டி, பிளெண்டிங்கை Color-க்கு மாற்றுவது. இது நிறத்தை மட்டும் மாற்றும், வெளிச்சத்தைத் தொடாது. ஆகவே 35-இல் இருந்த முடி அதே 35-இல், செம்பழுப்பு கலந்த கறுப்பாகவே நின்றது. வெள்ளையாக இருக்கவேண்டிய பளபளப்பு மட்டும் மஞ்சள் பூசிக்கொண்டது. பெயின்ட் அடித்தது போல என்று சொல்வார்களே, அது இந்த மஞ்சள் பட்டைதான். ஏற்கெனவே பழுப்பாக இருக்கும் முடியின் சாயலை லேசாகத் திருப்ப இது போதும். கறுப்பிலிருந்து வெளிர் நிறத்துக்கு வர இதனால் முடியாது.

நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி. வெளிச்சத்தை Curves-இலும் நிறத்தை Gradient Map-இலும் தனித்தனியே கையாள வேண்டும். Curves-இல் மூன்று புள்ளி வைத்தேன்: 10-ஐ 28-க்கு, 35-ஐ 105-க்கு, 200-ஐ 205-க்கு. நடுப்பகுதி நன்றாக எழுந்தது, பள்ளம் பள்ளமாகவே இருந்தது, பளபளப்பு அசையவில்லை. அதற்கு மேலே Gradient Map, பிளெண்டிங் Color. இருட்டுக்கு #3A2013, நடுவுக்கு #A8743C, வெளிச்சத்துக்கு #F1E3C8. கடைசி நிறம் கிட்டத்தட்ட வெள்ளைதான். பளபளப்பில் நிறம் வெளிற வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்தேன். ஒரே முடியில் நிழல் சிவந்தும் வெளிச்சம் வெளிறியும் இருப்பதால் சாயம் பூசிய தோற்றம் வரவில்லை.

இதற்குப் பிறகும் எல்லா இழையும் ஒரே சீராகத்தான் இருந்தது. அதை உடைக்க இன்னொரு Curves சேர்த்து, அது எங்கே படவேண்டும் என்று தீர்மானிக்கும் மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கி, 3 பிக்சல் பிரஷ்ஷால் முடி ஓடும் திசையிலேயே சில இழைகளை மட்டும் வெள்ளையால் திறந்தேன். நெற்றியோரத்திலும் நுனியிலும் அதிகம், காதுக்குப் பின்னால் அறவே இல்லை. வகிட்டோர வேர்களில் முதல் Curves-இன் மாஸ்க்கைப் பாதியாகக் குறைத்து இருட்டாக விட்டேன். மல்லிகையை மாஸ்க்கிலிருந்து ஒவ்வொரு பூவாக விலக்க அரை மணி நேரம் ஆனது. விலக்காவிட்டால் பூ வாடிப் பழுத்தது போலத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் பறக்கும் சிலும்பல் முடிகளுக்கு Curves போடவே கூடாது. போட்டால் தலையைச் சுற்றி வெளிறிய வளையம் விழும். அங்கே நிறம் மட்டும் போதும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. 10-க்கும் 35-க்கும் நடுவே இருந்த 25 படிகளை 77 படிகளாக இழுத்திருக்கிறோம், புள்ளிப்புள்ளியான இரைச்சலும் அதோடு மூன்று மடங்காகிறது. வாட்ஸப்பில் வந்த முதல் பிரதியில் காதுக்குக் கீழே இழைக்குப் பதில் சதுரக் கட்டங்கள் தெரிந்தன. கேமராவின் RAW கோப்பை வாங்கி 16 பிட்டில் திறந்த பிறகே இழைகள் வந்தன. RAW இல்லையென்றால் 105 வரை தூக்காமல் 70-இல் நிறுத்தி, பழுப்போடு திருப்திப்படுவது நல்லது.

சரிபார்க்க எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Hue/Saturation வைத்து Saturation-ஐ -100 ஆக்குவேன். கறுப்பு வெள்ளையிலும் முடி மூட்டமாகத் தெரிந்தால் Curves-க்குத் திரும்பவேண்டும், நிறத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. இவள் படத்தில் முடி சரியாக இருந்தது, புருவம்தான் உறுத்தியது. அதையும் ஒரு சுற்று லேசாக்கி அனுப்பினேன்.