எட்டு ஆண்டுகளாக வாசித்துவரும் ஒரு பழைய ஜெர்மன் வயலின்

2017ஆம் ஆண்டு தை மாதத்தில், ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் பரண் மேல் நெடுங்காலம் கிடந்த இந்த வயலினை 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். வாசித்தவர் காலமாகிவிட்டார், பிள்ளைகளுக்கு வாத்தியத்தில் நாட்டமில்லை. பெட்டியைத் திறந்ததும் மேல்பலகையின் எஃப் வடிவத் துளை வழியாக உள்ளே ஒட்டியிருந்த சீட்டைத்தான் முதலில் காட்டினார்கள். அதில் அந்தோனியஸ் ஸ்ட்ராடிவேரியஸ் என்ற பெயரும், அதற்குக் கீழே ஜெர்மனியில் செய்யப்பட்டது என்ற ஆங்கில வரியும் இருந்தன. ஸ்ட்ராடிவேரி இத்தாலியின் கிரெமோனாவில் வாழ்ந்து 1737இல் மறைந்தவர். அவர் செய்த வாத்தியத்தில் ஆங்கிலத்தில் ஜெர்மனி என்று அச்சிட்டிருக்க வழியே இல்லை. 1891 முதல் அமெரிக்காவில் இறக்குமதியாகும் பொருள்களில் தயாரிப்பு நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் குறிப்பது கட்டாயமானதால், ஏற்றுமதிக்கென்று செய்த வயலின்களில் இந்த வரி பெருகியது. சாக்ஸனியின் மார்க்நாய்கிர்ஷென் வட்டாரத்தில் குடிசைத் தொழிலாக ஆயிரக்கணக்கில் உருவான வாத்தியங்களில் பல இப்படிப்பட்ட சீட்டோடு வந்தவைதாம். எனவே அந்தச் சீட்டுக்கு நான் ஒரு ரூபாய்கூட மதிப்பு வைக்கவில்லை. மரத்துக்குத்தான் விலை கொடுத்தேன்.

மரத்தைப் பொறுத்தவரை மேல்பலகை ஸ்ப்ரூஸ், அடிப்பலகையும் பக்கங்களும் மேப்பிள். மேல்பலகையின் ரேகைகள் நடுவில் நெருக்கமாகவும் ஓரங்களில் சற்று அகன்றும், வளைவின்றி நேராகவும் ஓடுகின்றன. அடிப்பலகை இரு துண்டுகளாலானது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் புலிவரி போன்ற கோடுகள் பக்கம் மாறி மாறி மின்னுகின்றன. இந்த மின்னல் கண்ணுக்கு விருந்தே ஒழிய நாதத்துக்கு உத்தரவாதமில்லை. உண்மையான செய்தி உள்ளே இருந்தது. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறு கண்ணாடியை எஃப் துளைக்குள் விட்டு, கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தபோது, மந்தரத் தந்தியின் பக்கம் மேல்பலகைக்கு அடியில் நீளவாட்டில் இருக்க வேண்டிய பட்டை தனியாகச் செய்து ஒட்டப்படவில்லை என்பது தெரிந்தது. பலகையைக் குடையும்போதே அந்த இடத்தில் மட்டும் மரத்தை மிச்சம் விட்டிருந்தார்கள். நேரத்தை மிச்சப்படுத்தும் தொழிற்சாலை வழக்கம் இது. இத்தகைய வயலின்களில் கீழ்த்தந்திகளின் நாதம் சற்று மங்கலாக இருப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், என்னுடையதும் அப்படித்தான்.

நான் கவனிக்கத் தவறியது விரல்பலகை. கறுப்பாகப் பளபளத்ததால் கருங்காலி என்று நம்பிவிட்டேன். நம் கர்நாடக வாசிப்பில் விரல் வழுக்கிச் செல்வதற்காக இடக்கை விரல்களில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வது வழக்கம். வாங்கிய இரண்டாம் வாரம், ஒரு மணி நேரம் தோடியில் வர்ணம் வாசித்துவிட்டுப் பார்த்தால், ஆள்காட்டி விரலின் நுனி மை தொட்டதுபோல் கறுத்திருந்தது. விரல்பலகையின் பக்கவாட்டில், வெளியே தெரியாத இடத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே வெளிர்நிற மரம். சாயம் ஏற்றிய சாதாரண மரத்தைக் கருங்காலி என்று எண்ணி ஏமாந்தது என் பிழைதான். சாயம் போவது அழகுப் பிரச்சினை மட்டுமன்று. கமகத்துக்காக விரல் ஒரே தந்தியில் ஓயாமல் ஏறி இறங்குவதால், மென்மையான மரத்தில் தந்திக்கு நேர் கீழே சீக்கிரமே பள்ளம் விழுகிறது; பள்ளம் விழுந்த இடத்தில் ஸ்வரம் இரைகிறது. ஓராண்டுக்குள் இரண்டாம் தந்தியின் அடியில் பள்ளம் நகத்துக்குத் தட்டுப்பட்டது. கடைசியில் மெய்யான கருங்காலிப் பலகையை மாற்றிப் போட வேண்டியதாயிற்று.

அதற்கு முன்பே முதல் மழைக்காலம் பெரிய வேலையை இழுத்துவிட்டது. வலப்பக்க எஃப் துளையின் கீழ்நுனியிலிருந்து விளிம்பு வரை மேல்பலகையில் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் விரிசல் ஒன்று ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தது. வாங்கும்போது அதைப் பார்த்தேன். ஒட்டு கெட்டியாகவே இருந்தது. ஐப்பசியில் சென்னையின் ஈரக்காற்று ஏறியதும் விரிசல் நெடுகப் பால்வெள்ளைக் கோடு ஒன்று தென்பட்டது. முன்பு பழுது பார்த்தவர் தச்சுவேலைக்கு உதவும் வெள்ளைப் பசையால் ஒட்டியிருக்கிறார். நாற்காலிக்கு அந்தப் பசை நன்று. வயலினுக்குப் பழைய வஜ்ஜிரமே வேண்டும், அதற்குக் காரணமும் இருக்கிறது. விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வஜ்ஜிரம் வெந்நீருக்கும் சூட்டுக்கும் இளகும். அதனால் எப்போது வேண்டுமானாலும் மேல்பலகையைச் சேதமின்றிக் கழற்ற முடியும். மேலும், விளிம்பில் அது சற்று மெல்லியதாகவே பூசப்படுவதால், பருவம் மாறி மரம் சுருங்கி விரியும்போது பலகை பிளப்பதற்குப் பதிலாக ஒட்டு விட்டுக்கொடுக்கும். வெள்ளைப் பசை விட்டுக்கொடுப்பதில்லை. போதாக்குறைக்கு மரத்தின் நுண்துளைகளில் இறங்கிவிட்டால் அதன்மேல் வஜ்ஜிரம் பிடிப்பதும் இல்லை.

சென்னையில் நான் நம்பிக் கொடுத்த பழுதுபார்ப்பவர் மெல்லிய கத்தியை விளிம்பில் செலுத்தி மேல்பலகையைத் திறந்தார். ஈரப் பஞ்சை வைத்து வைத்து வெள்ளைப் பசையைச் சுரண்டி எடுக்கவே மூன்று நாள் பிடித்தது. பிறகு விரிசலை வஜ்ஜிரத்தால் ஒட்டி, உட்புறம் நான்கு சிறு ஸ்ப்ரூஸ் சில்லுகளை, அவற்றின் ரேகை விரிசலுக்குக் குறுக்கே வருமாறு ஒட்டினார். எட்டு மழைக்காலம் கடந்தும் அந்த இடம் அசையவில்லை. பலகை திறந்திருக்கும்போதே உள்பட்டையையும் தனிப்பட்டையாக மாற்றிவிடலாமா என்று கேட்டார். கூடுதல் செலவை எண்ணி வேண்டாம் என்றேன். இன்றும் மந்தரமான நான்காம் தந்தியைக் கேட்கும்போதெல்லாம் அந்த மறுப்பு உறுத்துகிறது. ஒன்று மட்டும் என் அதிர்ஷ்டம்: விரிசல் மேல்பலகையின் கீழோரத்தில் இருந்தது. இரு பலகைகளுக்கும் இடையே உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற குச்சி அடிப்பலகையில் ஊன்றும் இடத்தில் விரிசல் இருந்திருந்தால், வாத்தியம் என்ன விலைக்குக் கிடைத்தாலும் வாங்கியிருக்கமாட்டேன். அந்த இடத்தின் அழுத்தத்தைத் தாங்க உள்ளே மரத்தைக் குடைந்து ஒட்டுத்துண்டு பதிக்க வேண்டும். அந்தச் செலவு என் வயலினின் விலையை நெருங்கிவிடும்.

அடுத்த குறை கழுத்தின் சாய்வில் இருந்தது. பல ஆண்டுத் தந்தி இழுவையால் கழுத்து முன்பக்கமாகச் சற்றுத் தாழ்ந்திருந்தது. நேரான அடிக்கோலை விரல்பலகையின் மேல் வைத்து, தந்திகளைத் தாங்கும் குதிரை வரை நீட்டினால், கோலின் நுனி மேல்பலகையிலிருந்து 26 அல்லது 27 மில்லிமீட்டர் உயரத்தில் குதிரையைத் தொட வேண்டும். எனக்கு 23தான் வந்தது. தந்தி விரல்பலகையைவிட்டு அதிகம் எழும்பாதிருக்க, யாரோ குதிரையைச் செதுக்கிக் குட்டையாக்கியிருந்தார்கள். குட்டைக் குதிரையால் தந்தி மேல்பலகையை அழுத்தும் விசை குறைந்து, நாதம் உள்ளேயே முடங்கியது. கழுத்தைக் கழற்றிச் சாய்வைச் சரிசெய்து, கருங்காலி விரல்பலகையும் புதிய குதிரையும் பொருத்த 14,500 ரூபாய் ஆயிற்று. நான் செய்த செலவுகளில் வாசிப்பை உடனே மாற்றியது இதுதான். கழுத்தின் பின்புறம் பூசியிருந்த பிசுபிசுப்பான வார்னிஷையும் அப்போதே எடுத்துவிடச் சொன்னேன். வியர்வையில் கை ஒட்டினால் மேல் ஷட்ஜம் வரை ஒரே இழுப்பில் போகும் ஜாரு நடுவில் தடுக்கும்.

இனி, எந்தக் கடைக்காரரும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். மேற்கத்திய முறைப்படி ஜி, டி, ஏ, இ என்று சுருதி சேர்த்து வாசித்துக் காட்டினால் எந்த வயலினும் எடுப்பாகவே ஒலிக்கும். நான் வாசிப்பது இரண்டு கட்டை. அதாவது கீழிருந்து ஸ, ப, ஸ, ப என்பது டி, ஏ, டி, ஏ ஆகிறது. இரண்டாம் தந்தியை ஏயிலிருந்து டி வரை இறக்கும்போது அதன் அதிர்வெண் மூன்றில் இரண்டு பங்காகிறது. இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால் பாதிக்கும் கீழே, 44 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. முதல் தந்திக்கும் இதே கதி. தளர்ந்த தந்தியில் வில்லை அழுத்தினால் சுருதியே ஆடுகிறது. இரண்டாண்டு தடுமாறிய பிறகு நான் கண்ட வழி இது: முதல் தந்தியாக வயலினின் ஏ தந்தியையும், இரண்டாவதாக டி தந்தியையும் போட்டேன், அவை தத்தம் இயல்பான சுருதியிலேயே நிற்கின்றன. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் வயோலாவின் ஜி, சி தந்திகளை ஒரு முழு ஸ்வரம் ஏற்றிக் கட்டினேன். வயோலாவைவிட வயலினில் தந்தியின் நீளம் குறைவு என்பதால், ஏற்றிக் கட்டியும் இழுவிசை ஏறக்குறைய அதே அளவில் நிற்கிறது. தடித்த தந்திகளுக்காகக் குதிரையிலும் மேல்முனைக் கட்டையிலும் காடிகளை அகலப்படுத்த வேண்டியிருந்தது. மந்தர ஸ்தாயியில் வேகமான ஸ்வரங்களுக்கு அவை அரைக்கணம் தாமதமாகவே வாய் திறக்கின்றன. ஆயினும் ஷட்ஜத்தை நீட்டும்போது வரும் கனம் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ள வைக்கிறது.

அன்றாடத் தொல்லை என்று பார்த்தால் தந்தியை முறுக்கும் பிரடைகள்தாம். மழைக்காலத்தில் இறுகி அசைய மறுப்பதும், குளிர்சாதன அரங்கில் நுழைந்த கால் மணியில் சுருங்கி வழுக்குவதும் வாடிக்கை. வெள்ளைச் சுண்ணக்கட்டித் தூளும் உலர்ந்த சோப்பும் சிறிது தடவிச் சமாளிக்கிறேன். விளிம்பு ஒட்டு இதுவரை இருமுறை விட்டிருக்கிறது. விரல் முட்டியால் ஓரம் நெடுகத் தட்டிக்கொண்டே போனால், விட்ட இடத்தில் சத்தம் சொத்தையாகக் கேட்கும். இரண்டு முறையும் அரை மணி நேர வேலையாகவே முடிந்தது.

தீராத ஒரு குணமும் இதற்கு உண்டு. மூன்றாம் தந்தியில் மேலே ஏறி மத்திய ஸ்தாயிக் கைசிகி நிஷாதத்தை நீட்டினால், வில்லுக்கடியில் நாதம் உறுமி நடுங்குகிறது. வயலின் உடலின் சொந்த அதிர்வு அந்தச் சுருதியோடு மோதுவதால் வருவது இது. சவுண்ட் போஸ்ட்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்தியும் குறைந்ததே தவிரப் போகவில்லை. என் மாணவி ஐந்து கட்டைக்குச் சுருதி ஏற்றி இதே வயலினை வாசித்தபோது நிஷாதம் சுத்தமாக வந்தது. ஆனால் சுத்த மத்தியமத்தில் உறுமியது. உறுமும் சுருதி இடம் பெயரவில்லை, நாங்கள்தாம் அதன்மேல் வேறு ஸ்வரத்தைக் கொண்டுபோய் வைத்திருந்தோம். அந்த நிஷாதத்தை இப்போது நான் இரண்டாம் தந்தியிலேயே பிடித்துக்கொள்கிறேன்.